மாதம் 60 ஜிபி ஹாட்ஸ்பாட்டில் ஸ்டீம், ஜிஓஜி கேம்களை வைத்துக்கொள்வது எப்படி?

கேள்வி: செந்தூலில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். பைபர் லைன் இல்லை, கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில்தான் கணினி ஓடுகிறது, 30 நாளைக்கு 60 ஜிபி. போன மாதம் தூங்கி எழுவதற்குள் ஸ்டீம் 38 ஜிபி இழுத்துவிட்டது. மாதம் ஒருமுறை பட்டர்வொர்த்தில் அக்கா வீட்டுக்குப் போவேன். அங்கே பைபரும் ஒரு பழைய மடிக்கணினியும் உண்டு. எதை அங்கே இறக்குவது, எதை இங்கே இறக்குவது?

பதில்:

முழு கேம் எதையும் செந்தூலில் இறக்காதீர்கள். அது பட்டர்வொர்த் வேலை. ஸ்டீம் கேம்களை ஒரு வெளி எஸ்எஸ்டியில் வைத்து, அந்த எஸ்எஸ்டியையே அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய் அப்டேட் செய்துவிட்டு வாருங்கள். ஜிஓஜி கேம்களுக்கு ஆஃப்லைன் இன்ஸ்டாலர் கோப்புகளை அங்கே இறக்கி அதே எஸ்எஸ்டியில் போட்டு எடுத்து வாருங்கள். செந்தூலில் இறங்க வேண்டியது சில்லறை அப்டேட் மட்டும்தான். அதையும் கோட்டா காலாவதியாகப் போகும் கடைசி இரவில், மிச்சம் இருக்கும் ஜிபிக்குள் அடங்குமாறு வேகத்தைக் கட்டிவைத்து இறக்கலாம். ஒவ்வொன்றையும் விளக்குகிறேன்.

முதலில் அந்த 38 ஜிபி எப்படிப் போனது என்று பார்ப்போம், இல்லாவிட்டால் அடுத்த மாதமும் போகும். ஸ்டீம் ஒரு கேமின் கோப்புகளை ஏறத்தாழ 1 எம்பி துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. அப்டேட் வரும்போது மாறிய துண்டுகள் மட்டும்தான் இறங்க வேண்டும். ஆனால் பல கேம்களில் படம், ஒலி எல்லாவற்றையும் பல ஜிபி அளவுள்ள பெரிய தொகுப்புக் கோப்புகளில் அடைத்திருப்பார்கள். தயாரிப்பாளர் அந்தத் தொகுப்பைப் புதிதாகக் கட்டினாலோ, உள்ளே இருப்பதை முழுதாகச் சுருக்கி மறையாக்கம் செய்தாலோ, சின்னத் திருத்தத்துக்கும் பெரும்பாலான துண்டுகள் மாறியதாகவே ஸ்டீமுக்குத் தெரியும். அப்போது அப்டேட் என்ற பெயரில் கேம் முழுவதும் மறுபடி இறங்குகிறது. இது உங்கள் கணினியின் கோளாறு இல்லை, ஸ்டீமின் கோளாறும் இல்லை. இதற்கு மேல் ஸ்டீமின் இயல்பான அமைப்பு `Let Steam decide when to update` என்று இருக்கும். நெரிசல் குறைந்த நேரம் பார்த்து அது தானே இறக்கிக்கொள்ளும். நீங்கள் தூங்கும் நேரம்தான் அதற்கு நல்ல நேரம்.

ஆகவே இன்றிரவே இதைச் செய்துவிடுங்கள். ஸ்டீமில் ஒவ்வொரு கேமின் மேலும் வலது சொடுக்கி `Properties` → `Updates` போங்கள். `Automatic Updates` என்பதில் `Wait until I launch the game` என்று மாற்றுங்கள். ஸ்டீமில் "அப்டேட்டே வேண்டாம்" என்ற தேர்வு கிடையாது. இதுதான் அதற்கு மிக நெருக்கமானது. இப்போது கேமைத் திறக்க நீங்கள் அழுத்தும்வரை எதுவும் இறங்காது. மாறியதா என்று உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு வழி உண்டு. லைப்ரரியின் `steamapps` கோப்புறையில் ஒவ்வொரு கேமுக்கும் `appmanifest_` என்று தொடங்கும் ஒரு `.acf` கோப்பு இருக்கும். நோட்பேடில் திறந்தால் இந்த வரி தெரியும்:

```
"AutoUpdateBehavior"		"1"
```

`0` என்றால் ஸ்டீம் தானே முடிவு செய்யும், `1` என்றால் திறக்கும்போது மட்டும், `2` என்றால் உடனுக்குடன். இந்த வரியை நினைவில் வையுங்கள், பின்னால் மறுபடி வரும்.

இரண்டாவது பூட்டு ஒன்றும் போடுங்கள். `Settings` → `Downloads` பக்கத்தில் தானியங்கி அப்டேட்டுக்கு நேரம் குறிக்கும் `Schedule auto-updates` இருக்கிறது. பலர் இதில் விடியற்காலை 3 மணி என்று போடுகிறார்கள். இரவு டேட்டா தனியாகக் கொடுக்கும் பிளான் என்றால் அது சரி. உங்கள் பிளானில் அப்படி எதுவும் இல்லை என்றால் இரவு 1 ஜிபியும் பகல் 1 ஜிபியும் ஒன்றுதான், நேரம் மாற்றுவதால் எதுவும் மிச்சமாகாது. அதனால் வேலை நாளில் நீங்கள் கைப்பேசியோடு வெளியே இருக்கும் ஒரு மணி நேரத்தைப் போடுங்கள். ஹாட்ஸ்பாட்டே அறையில் இல்லாத நேரத்தில் எந்த அப்டேட்டும் இறங்க முடியாது. புதிதாக நிறுவும் கேமுக்கு மேலே சொன்ன மாற்றத்தைச் செய்ய மறந்துவிட்டாலும் இது காப்பாற்றும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: இந்த நேரக் கட்டுப்பாடு தானியங்கி அப்டேட்டுக்குத்தான். நீங்கள் கையால் தொடங்கும் பதிவிறக்கத்தையோ, கேமைத் திறக்க அழுத்தும்போது தொடங்குவதையோ அது தடுக்காது.

இனி எஸ்எஸ்டி விஷயம். இதுதான் உங்கள் கேள்வியின் நடுநாடி.

பொதுவாகச் சொல்லப்படும் வழி, ஸ்டீமில் `Backup game files` போட்டு அந்தக் காப்புப் பிரதியை எடுத்து வருவது. அது வேலை செய்யும், ஆனால் உங்களுக்குப் பொருந்தாது. அது அன்றைய பதிப்பின் பிரதி மட்டுமே. இரண்டு மாதம் கழித்து அதை நிறுவினால், அந்த இரண்டு மாதத்தில் வந்த அப்டேட் எல்லாம் உங்கள் ஹாட்ஸ்பாட்டில்தான் வந்து விழும். தொகுப்புக் கோப்புகளை அடிக்கடி மாற்றும் கேம் என்றால் காப்புப் பிரதியால் ஒரு பயனும் இருக்காது. இதைவிட நல்லது, ஸ்டீம் லைப்ரரியே வெளி எஸ்எஸ்டியில் இருப்பதும், அதிலிருந்தே விளையாடுவதும்.

1 டிபி யுஎஸ்பி எஸ்எஸ்டி போதும். லோ யாட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். சுழலும் தட்டுள்ள பழைய ஹார்ட் டிஸ்க் வேண்டாம். அப்டேட்டின்போது ஸ்டீம் பெரிய கோப்புகளைப் படித்து, புதிய துண்டுகளைச் சேர்த்து, மறுபடி எழுதுகிறது. 2 ஜிபி அப்டேட்டுக்கு 40 ஜிபி எழுதும் நிலை வரலாம், ஹார்ட் டிஸ்க்கில் அது மணிக்கணக்கில் இழுக்கும். அதே காரணத்தால் எஸ்எஸ்டியை நிரப்பியும் வைக்கக் கூடாது. உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய கேம் எத்தனை ஜிபியோ, குறைந்தது அத்தனை ஜிபி காலியாக இருக்கட்டும். எஸ்எஸ்டியை என்டிஎஃப்எஸ் வடிவில் பார்மட் செய்யுங்கள்.

பிறகு ஸ்டீமில் `Settings` → `Storage` போய் அந்த டிரைவைச் சேர்த்தால் அதில் `SteamLibrary` என்ற கோப்புறை உருவாகும். ஏற்கெனவே கணினியில் இருக்கும் கேம்களை அதே பக்கத்தில் தேர்ந்தெடுத்து `Move` கொடுத்தால் போதும். இதற்கு டேட்டா செலவாகாது, டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்கு நகர்வதுதான். வொர்க்ஷாப் மோட்களும் அந்த லைப்ரரிக்குள்ளேயே இருப்பதால் கூடவே வந்துவிடும்.

பட்டர்வொர்த்துக்குக் கிளம்பும்போது ஸ்டீமிலிருந்து முழுதாக வெளியேறி, டிரைவை `Eject` செய்துவிட்டு உருவுங்கள். அக்காவின் மடிக்கணினியில் ஸ்டீமை நிறுவி, உங்கள் கணக்கில் நுழைந்து, எஸ்எஸ்டியைச் செருகி, அதே `Storage` பக்கத்தில் அந்த டிரைவைச் சேருங்கள். உள்ளே இருக்கும் கேம்களை ஸ்டீம் தானாகவே அடையாளம் காணும். அந்த மடிக்கணினியால் கேமை ஓட்ட முடியாவிட்டாலும் கவலையில்லை, அப்டேட் செய்ய வலுவான கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இரவெல்லாம் செருகிவைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் எதுவும் இறங்கியிருக்காது. முன்னே சொன்ன `AutoUpdateBehavior` வரி எஸ்எஸ்டியில் இருக்கும் `.acf` கோப்புக்குள் இருக்கிறது, அதாவது "திறக்கும்போது மட்டும்" என்ற உத்தரவும் உங்களோடு பயணப்பட்டு வந்துவிட்டது. ஆகவே அங்கே ஸ்டீமின் `Downloads` பக்கத்தைத் திறந்து, அப்டேட் காத்திருக்கும் ஒவ்வொரு கேமையும் கையால் வரிசையில் ஏற்றுங்கள். புதிதாக வேண்டிய கேம்களையும் அங்கேயே நிறுவுங்கள். நிறுவும் இடமாக மடிக்கணினியின் `C:` இல்லாமல் எஸ்எஸ்டி தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

நேரக் கணக்கு இப்படி. 100 எம்பிபிஎஸ் லைன் என்றால் நொடிக்கு 12.5 எம்பி, நடைமுறையில் 11 எம்பி என்று வையுங்கள். 42 ஜிபி கேம் இறங்க 64 நிமிடம் ஆகும். ஆனால் ரௌட்டர் ஹாலிலும் நீங்கள் பின்னறையிலும் இருந்தால் வைஃபையில் நொடிக்கு 4 எம்பிதான் வரலாம், அதே கேம் 3 மணி நேரம் பிடிக்கும். ஒரு லேன் கேபிளைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினியின் தூக்க நேரத்தை `Never` என்று மாற்றுங்கள், மூடியையும் மூடாதீர்கள். அங்கே போய்ச் சேர்ந்த இரவே ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, திரும்பும் நாள் காலையில் `Downloads` பக்கத்தை இன்னொரு முறை பாருங்கள். இடையில் வந்த சின்ன அப்டேட் இருந்தால் அதையும் வாங்கிக்கொண்டு கிளம்பலாம். கடைசியில் அக்காவின் கணினியில் உங்கள் கணக்கிலிருந்து வெளியேற மறக்காதீர்கள்.

செந்தூலுக்குத் திரும்பியதும் மிக ஆபத்தான நொடி ஒன்று இருக்கிறது. எஸ்எஸ்டியைச் செருகிய பிறகே ஸ்டீமைத் திறக்க வேண்டும். விண்டோஸ் அந்த டிரைவுக்கு வேறு எழுத்தைக் கொடுத்துவிட்டால், உதாரணமாக `E:` என்று இருந்தது `F:` ஆகிவிட்டால், ஸ்டீமுக்குப் பழைய லைப்ரரி கண்ணில் படாது. கேம் பக்கத்தில் `Play` இருந்த இடத்தில் `Install` என்று நிற்கும். அதை அழுத்தினால் 42 ஜிபியும் ஹாட்ஸ்பாட்டில் `C:` டிரைவுக்கு இறங்கத் தொடங்கும். `Install` என்று பார்த்தால் கையை எடுத்துவிடுங்கள். ஸ்டீமை மூடி, விண்டோஸின் `Disk Management` திறந்து, டிரைவுக்குப் பழைய எழுத்தையே கொடுத்துவிட்டு, மறுபடி ஸ்டீமைத் திறங்கள். யாரும் எடுக்காத `S:` மாதிரி ஒரு எழுத்தை முதல் நாளே இரண்டு கணினியிலும் கொடுத்துவைத்தால் இந்தத் தொல்லையே வராது.

கூடுதல் பாதுகாப்புக்கு, ஊரிலிருந்து வந்த முதல் முறை ஸ்டீமைத் திறந்தவுடன் `Downloads` அமைப்பில் வேக வரம்பை நொடிக்கு 100 கேபி என்று போட்டுவிட்டு எல்லாவற்றையும் சரிபாருங்கள். தவறுதலாக ஏதாவது தொடங்கினாலும் ஒரு நிமிடத்துக்கு 6 எம்பிதான் போகும், நிறுத்த நேரம் கிடைக்கும். `Downloads` பக்கத்தில் நெட்வொர்க் வேகம், டிஸ்க் வேகம் என்று இரண்டு எண்கள் ஓடும். டிஸ்க் எண் பெரிதாகவும் நெட்வொர்க் எண் பூஜ்யமாகவும் இருந்தால் ஸ்டீம் கோப்புகளைச் சரிபார்க்கிறது, பயப்பட வேண்டாம். நெட்வொர்க் எண் ஏறினால்தான் டேட்டா போகிறது.

நடுவில் ஒரு கேமுக்கு அப்டேட் வந்து, அதை வாங்காமல் விளையாட விரும்பினால், ஸ்டீம் மெனுவில் `Go Offline` கொடுக்கலாம். ஆனால் அப்டேட் இருப்பது ஸ்டீமுக்குத் தெரியவருவதற்கு முன்னாலேயே ஆஃப்லைனுக்குப் போயிருக்க வேண்டும். கேம் அப்டேட்டுக்குக் காத்திருக்கிறது என்று ஒருமுறை குறித்துக்கொண்டுவிட்டால், ஆஃப்லைனிலும் அது திறக்க விடாது. ஆகவே தனியாக விளையாடும் கதைக் கேம் ஒன்றில் மூழ்கியிருக்கும் மாதத்தில், ஊரிலிருந்து வந்த அன்றே ஆஃப்லைனுக்குப் போய்விடுங்கள். இணையத்தில் பிறரோடு மோதும் கேம்களுக்கு இந்த வழி கிடையாது. சர்வரின் பதிப்பும் உங்கள் பதிப்பும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். 60 ஜிபியில் அப்படிப்பட்ட கேம் ஒன்றை வைத்துக்கொள்ளலாம், மூன்றை வைத்துக்கொள்ள முடியாது.

ஜிஓஜி இந்த விஷயத்தில் உங்களுக்கு நல்ல தோழன். அங்கே வாங்கிய கேமின் இன்ஸ்டாலரைக் கோப்பாகவே இறக்கி வைத்துக்கொள்ளலாம், நிறுவும்போது இணையம் தேவையில்லை, பழைய பதிப்பிலேயே எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் விளையாடலாம், யாரும் அப்டேட் செய்யச் சொல்லி வழிமறிக்க மாட்டார்கள். ஒரே கேம் இரண்டு கடையிலும் ஒரே விலைக்குக் கிடைத்தால், உங்களைப் போல லைன் குறுகியவர்கள் ஜிஓஜியில் வாங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

ஜிஓஜி தளத்தில் நுழைந்து உங்கள் கேம் தொகுப்பில் ஒரு கேமைச் சொடுக்கினால், கேலக்ஸி செயலி வழியாக நிறுவும் பொத்தான் முதலில் தெரியும். அது வேண்டாம். அதன் கீழே ஆஃப்லைன் இன்ஸ்டாலர்களின் பட்டியல் இருக்கும். விண்டோஸ், மொழி இரண்டையும் சரியாகத் தேர்ந்தெடுங்கள். 42 ஜிபி கேம் என்றால் `setup_` என்று தொடங்கும் ஒரு `.exe` கோப்பும், `-1.bin`, `-2.bin` என்று எண் போட்ட, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 ஜிபி வரை வரும் பதினொரு கோப்புகளும் கிடைக்கும். எல்லாம் ஒரே கோப்புறையில் இருக்க வேண்டும், பெயரை மாற்றக் கூடாது. பிரவுசரின் பதிவிறக்க இடத்தை நேராக எஸ்எஸ்டிக்கே காட்டிவிட்டால் பிறகு நகலெடுக்கும் வேலை இல்லை.

பதினொன்றையும் ஒரே நேரத்தில் தட்டிவிடாதீர்கள். இணைப்பு ஒருமுறை விக்கினாலும் பாதிக் கோப்பு பல மிஞ்சும். இரண்டிரண்டாக இறக்குங்கள். முடிந்ததும் கோப்புறையில் `.crdownload` அல்லது `.part` என்று முடியும் கோப்பு ஏதும் கிடக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது முழுமை பெறவில்லை. அளவுகளையும் பாருங்கள்: கடைசிக் கோப்பைத் தவிர மற்ற `.bin` எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கும், நடுவில் ஒன்று மட்டும் சிறுத்திருந்தால் அதை மறுபடி இறக்குங்கள்.

உண்மையான சோதனை, அங்கேயே ஒருமுறை நிறுவிப் பார்ப்பதுதான். நிறுவும்போது உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பும் சரிபார்க்கப்படுகிறது. ஒரு `.bin` இல்லாவிட்டால் அடுத்த டிஸ்கைக் கேட்டு ஒரு பெட்டி திறக்கும், சிதைந்திருந்தால் கோப்பு பழுது என்று சொல்லி நின்றுவிடும். அக்காவின் மடிக்கணினியில் இடம் இருந்தால் நிறுவிப் பார்த்துவிட்டு நீக்கிவிடுங்கள், அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் செந்தூலுக்கு வந்து ஏழாவது கோப்பு பழுது என்று தெரிந்தால், அந்த 4 ஜிபியை ஹாட்ஸ்பாட்டில் வாங்க வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். பழுதான ஒன்றை மட்டும் மறுபடி இறக்கினால் போதும், எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். ஆனால் இடையில் கேமுக்குப் புதிய பதிப்பு வந்திருந்தால் தளத்தில் இருக்கும் ஏழாவது கோப்பு உங்களிடம் இருக்கும் மற்ற பத்தோடு சேராது. `.exe` கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கும், அதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு இறக்குங்கள்.

அப்டேட்டுக்கு, சில கேம்களுக்கு அதே பட்டியலில் `patch_` என்று தொடங்கும் கோப்புகள் இருக்கும். எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு என்பது பெயரிலேயே இருக்கும். நீங்கள் நிறுவியிருப்பது அந்த முதல் பதிப்பாக இருந்தால்தான் ஒட்டும். இரண்டு படி பின்தங்கியிருந்தால் இரண்டையும் வரிசையாகப் போட வேண்டும். எல்லாக் கேமுக்கும் இந்தப் பேட்ச் கிடைக்காது. கிடைக்காவிட்டால் அடுத்த பட்டர்வொர்த் பயணத்தில் புதிய இன்ஸ்டாலரை முழுதாக எடுங்கள். கேம் ஒழுங்காக ஓடுகிறது என்றால் அதுவரை பழைய பதிப்பே போதும். செந்தூல் கணினியில் கேலக்ஸி செயலியை நிறுவாதீர்கள், தானியங்கி அப்டேட்டைக் கொண்டுவரும் இன்னொரு வாசல் அது.

ஆஃப்லைன் இன்ஸ்டாலருக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு. கல்லூரி, நூலகம் போன்ற இடங்களின் வைஃபையில் கேம் லாஞ்சர்களைத் தடுத்திருப்பார்கள். ஜிஓஜி கோப்பு சாதாரண பிரவுசர் வழியாக இறங்குவதால் அங்கேயும் பெரும்பாலும் வரும். ஆனால் பொது இடத்து வைஃபையில் 42 ஜிபி இழுப்பது அங்கே படிக்க வந்தவர்களின் வேகத்தைப் பறிப்பதாகும். சின்னக் கேமோ ஒரு பேட்சோ என்றால் சரி, அதற்கு மேல் வேண்டாம்.

இப்போது கடைசி இரவுக் கணக்கு. 29-ஆம் நாள் இரவு, டெலிகோ செயலியில் 14 ஜிபி மிச்சம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் அது செல்லாக்காசு. பிளான் எத்தனை மணிக்குக் காலாவதியாகிறது என்பதையும், அந்த 14 ஜிபி ஹாட்ஸ்பாட்டுக்கும் சேர்த்ததா, கைப்பேசிக்கு மட்டுமா என்பதையும் முதலில் பாருங்கள். பல பிளான்களில் இரண்டும் தனித்தனி. இதில் 2 ஜிபியை ஒதுக்கிவிட்டு 12 ஜிபியை ஸ்டீமுக்குக் கொடுக்கலாம். ஆனால் "12 ஜிபி வந்ததும் நில்" என்று சொல்ல ஸ்டீமில் இடம் கிடையாது. வேகத்தையும் நேரத்தையும் கட்டினால் அளவு தானே கட்டுப்படும்.

இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை 8 மணி நேரம், அதாவது 28,800 நொடி. 12 ஜிபியை, அதாவது 1 கோடியே 20 லட்சம் கேபியை, 28,800-ஆல் வகுத்தால் நொடிக்கு 416 கேபி. வேக வரம்பில் 400 என்று போடுங்கள், 11.5 ஜிபி வரும். பாக்கெட் தலைப்புகள் போன்ற மேற்செலவு சில சதவீதம் இருப்பதால் டெலிகோ கணக்கில் அது 12-ஐ ஒட்டி நிற்கும். பெட்டியின் பக்கத்தில் இருக்கும் அலகைக் கண்டிப்பாகப் பாருங்கள். வேகத்தை பிட் கணக்கில் காட்டும் தேர்வை இயக்கியிருந்தால் அங்கே 3,200 என்று போட வேண்டும். கேபி கணக்கில் இருக்கும் பெட்டியில் 3,200 என்று போட்டால் விடிவதற்குள் 92 ஜிபிக்கு வழிவிட்டதாக அர்த்தம். இருக்கும் 14-உம் நள்ளிரவுக்கு முன்பே காலி.

பிறகு `Downloads` பக்கத்தில் வேண்டிய அப்டேட்களை முக்கியத்துவ வரிசையில் ஏற்றுங்கள், அதிகம் விளையாடும் கேம் மேலே. பதிவிறக்கம் தொடங்கிய சிறிது நேரத்தில் அதன் மொத்த அளவு திரையில் வரும். ஒரே கேம் 30 ஜிபி கேட்டால் அதை நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போங்கள், அது பட்டர்வொர்த்துக்கு உரியது. பாதியில் நின்ற பதிவிறக்கம் வீணாகாது, விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் பாதி அப்டேட்டோடு நிற்கும் கேமை அதுவரை விளையாட முடியாது என்பதால், இரவுக்குள் முடியக்கூடியதையே ஏற்றுங்கள்.

காலை 6 மணிக்கு ஸ்டீமை மூட விண்டோஸுக்கே உத்தரவு கொடுத்துவிடலாம். `cmd` திறந்து இதைத் தட்டுங்கள்:

```
schtasks /create /tn "SteamOff" /sc daily /st 06:00 /tr "\"C:\Program Files (x86)\Steam\steam.exe\" -shutdown"
```

`daily` என்று போட்டதற்குக் காரணம் உண்டு. `once` என்று போட்டால் இன்றைய 6 மணி என்று எடுத்துக்கொள்ளும், அது காலையிலேயே கடந்துபோயிருக்கும், வேலை நடக்காது. படுக்கப் போகும் முன் ஒருமுறை சோதியுங்கள்:

```
schtasks /run /tn "SteamOff"
```

ஸ்டீம் சில நொடியில் மூடிக்கொண்டால் சரி, மறுபடி திறந்து பதிவிறக்கத்தைத் தொடருங்கள். மறுநாள் காலை இதை நீக்கிவிடலாம்:

```
schtasks /delete /tn "SteamOff" /f
```

இந்த வேலை ஓட வேண்டுமானால் கணினி விழித்திருக்க வேண்டும், நீங்கள் உங்கள் விண்டோஸ் கணக்கில் நுழைந்த நிலையில் இருக்க வேண்டும். திரையைப் பூட்டிவைப்பதில் தவறில்லை. கைப்பேசியை வைஃபை ஹாட்ஸ்பாட்டாக இரவு முழுவதும் விடுவதைவிட யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் செய்வது மேல். கைப்பேசிக்குச் சார்ஜும் ஏறும், கணினி இணைப்பு சற்று அறுந்தாலும் ஹாட்ஸ்பாட் தானே அணைந்துபோகும் தொல்லையும் இருக்காது. அதைத் தலையணை மேல் வைக்காமல் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

அந்த இரவில் ஸ்டீம் மட்டும்தான் டேட்டாவைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் மேலே போட்ட கணக்கு பொய்யாகும். விண்டோஸில் உங்கள் இணைப்பின் பண்புகளுக்குப் போய் `Metered connection` இயக்கினால் விண்டோஸ் அப்டேட் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்ளும். வைஃபைக்குப் போட்டது யுஎஸ்பி டெதரிங்குக்குப் பொருந்தாது. டெதரிங் `Ethernet` என்ற பெயரில் தனி இணைப்பாக வரும், அங்கேயும் தனியாகப் போட வேண்டும். ஸ்டீமைக் கட்டுப்படுத்த இதை நம்பாதீர்கள், அதற்கு மேலே சொன்ன அமைப்புகள்தான். மறுநாள் காலை `Settings` → `Network & internet` → `Advanced network settings` → `Data usage` திறந்தால் எந்தச் செயலி எத்தனை ஜிபி எடுத்தது என்று வரிசையாகத் தெரியும். ஸ்டீம் 11.5-ஐ ஒட்டி இருந்தால் கணக்கு சரி. அதைவிட அதிகமாக இன்னொன்று பட்டியலில் மேலே நின்றால், அடுத்த மாதம் முதலில் அடைக்க வேண்டிய ஓட்டை அதுதான்.